220-ஆ, 250-ஆ, 287-ஆ: முடிவுச் செலவை எந்த அனுமானத்தில் கணிப்பது?

கேள்வி: பத்து மாதத்தில் முடிக்கவேண்டிய 20 கி.மீ. குழாய் பதிக்கும் வேலை. மொத்த பட்ஜெட் 200 லட்சம். ஐந்தாம் மாதக் கடைசியில் திட்டமிட்ட மதிப்பு 100, ஈட்டிய மதிப்பு 80, உண்மைச் செலவு 100. பள்ளம் தோண்டும்போது பாறை வந்ததுதான் பெரிய அடி. பம்ப் ஹவுஸ் இன்னும் தொடங்கவே இல்லை. மூன்று ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தால் 220, 250, 287.5 என்று மூன்று எண் வருகிறது. "எப்போதும் BAC/CPI போடு" என்கிறார் சீனியர். அறிக்கையில் எதைக் கொடுப்பது?

பதில்:

உங்கள் மூன்று எண்களிலும் 100 லட்சம் பொதுவானது. அது செலவாகிவிட்டது, அதில் கணிக்க எதுவும் இல்லை. மீதி இருக்கும் 120 லட்சம் மதிப்புள்ள வேலைக்கு இனி எவ்வளவு ஆகும் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. கீழே BAC என்பது மொத்த பட்ஜெட், PV திட்டமிட்ட மதிப்பு, EV ஈட்டிய மதிப்பு, அதாவது முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு, AC உண்மைச் செலவு, ETC மீதி வேலைக்கு இனி ஆகும் செலவு, EAC முடிவுச் செலவு.

```
EAC = AC + ETC
CPI = EV / AC = 80 / 100 = 0.80
SPI = EV / PV = 80 / 100 = 0.80

1)  AC + (BAC - EV)               = 100 + 120         = 220
2)  AC + (BAC - EV) / CPI         = 100 + 120 / 0.80  = 250
3)  AC + (BAC - EV) / (CPI * SPI) = 100 + 120 / 0.64  = 287.5
```

இரண்டாவது வரியைச் சுருக்கினால் உங்கள் சீனியர் சொல்லும் BAC/CPI வந்துவிடும். இனி CPI-யைச் செலவுக் குறியீடு என்றும் SPI-யைக் காலக் குறியீடு என்றும் சொல்கிறேன்.

முதல் ஃபார்முலா, இதுவரை பட்ட நஷ்டம் இதோடு முடிந்தது, மீதி வேலை பட்ஜெட் விலையிலேயே முடியும் என்கிறது. இரண்டாவது, இதுவரை ஒவ்வொரு ரூபாய்க்கும் 80 பைசா வேலைதான் நடந்தது, இனியும் அப்படித்தான் நடக்கும் என்கிறது. மூன்றாவது, அதோடு கால தாமதமும் செலவை ஏற்றும் என்கிறது. ஆகவே எந்த ஃபார்முலா சரி என்று கேட்பதற்கு முன்னால், நஷ்டம் எங்கிருந்து வந்தது, அந்தக் காரணம் மீதி வேலையிலும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை கிடைக்காது. பிரிவு வாரியாக இறங்கித்தான் ஆகவேண்டும்.

பிரிவுக் கணக்கு கேள்வியில் இல்லை. அதனால் உங்கள் மொத்தத்தோடு பொருந்தும்படி ஒரு பிரிப்பை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் உண்மையான எண்களை இதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தொகை எல்லாம் லட்சத்தில்.

| பிரிவு | பட்ஜெட் | ஈட்டிய மதிப்பு | உண்மைச் செலவு | செலவுக் குறியீடு |
|---|---|---|---|---|
| பள்ளம் தோண்டி மூடுதல் | 60 | 30 | 46 | 0.65 |
| குழாய் கொள்முதல் | 60 | 30 | 30 | 1.00 |
| குழாய் இறக்கி இணைத்தல் | 30 | 12 | 15 | 0.80 |
| பம்ப் ஹவுஸ் | 34 | 0 | 0 | இல்லை |
| தள நிர்வாகம் | 16 | 8 | 9 | 0.89 |
| மொத்தம் | 200 | 80 | 100 | 0.80 |

பள்ளத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம்

20 கி.மீ.க்கு 60 லட்சம், அதாவது கிலோமீட்டருக்கு 3 லட்சம். 10 கி.மீ. முடிந்தது, ஈட்டிய மதிப்பு 30. ஆனால் செலவு 46. தளப் பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் பத்தில் 6 கி.மீ. மண், 4 கி.மீ. பாறை என்று இருக்கிறது. மண்ணில் பட்ஜெட்டில் போட்ட அதே 3 லட்சம்தான் ஆனது, ஆக 18 லட்சம். பாறையில் பிரேக்கர் வாடகையும் கூடுதல் நாட்களும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 7 லட்சம் ஆனது, ஆக 28 லட்சம். இரண்டும் சேர்ந்துதான் 46.

இப்போது மீதி 10 கி.மீ.க்கு எவ்வளவு ஆகும்? பாறை இனி இல்லவே இல்லை என்றால் 30 லட்சம். இதுதான் முதல் ஃபார்முலா தரும் விடை. இதுவரை வந்த அதே விகிதத்தில் 4 கி.மீ. பாறை வந்தால் மறுபடியும் 28 + 18, அதாவது 46 லட்சம். 30-ஐ 0.652-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 46 வரும். இது தற்செயல் கிடையாது. செலவுக் குறியீட்டால் வகுப்பது என்றாலே, மீதி வேலையில் கஷ்டமும் சுலபமும் இதுவரை இருந்த அதே விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று சொல்வதுதான். மீதியில் 7 கி.மீ. பாறை என்றால் 49 + 9, அதாவது 58 லட்சம். அந்த நிலையை மூன்று ஃபார்முலாவில் எதுவும் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது.

எனவே பள்ளத்துக்குச் சரியான விடை சோதனைக் குழிகளில்தான் இருக்கிறது. மீதித் தடத்தில் 500 மீட்டருக்கு ஒரு குழி போட்டுப் பார்த்ததில் சுமார் 2 கி.மீ. பாறை என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 × 7 + 8 × 3 = 38 லட்சம். பட்ஜெட் விலையில் வரும் 30-க்கும் குறியீட்டால் வரும் 46-க்கும் நடுவில் ஒரு எண் கிடைத்துவிட்டது. அதைவிட முக்கியம், அந்த எண்ணுக்குப் பின்னால் யாரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது.

மொத்தக் குறியீடு செய்யும் தவறு

BAC/CPI 250 என்று சொல்லும்போது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பாறையில் பட்ட நஷ்டத்தைக் குழாய் கொள்முதலின் மீதும், தொடங்கவே தொடங்காத பம்ப் ஹவுஸின் மீதும் ஏற்றுகிறது. குழாய்க்கு நிலையான விலையில் ஆர்டர் போட்டாகிவிட்டது என்றால் மீதி 30 லட்சம் 30 லட்சமாகவேதான் இருக்கும். அதை 0.8-ஆல் வகுத்து 37.5 ஆக்க ஒரு காரணமும் இல்லை.

ஒவ்வொரு பிரிவையும் அதனதன் குறியீட்டால் தனித்தனியாக வகுத்துக் கூட்டினால் பள்ளம் 92, குழாய் 60, இணைப்பு 37.5, பம்ப் ஹவுஸ் பட்ஜெட்படி 34, நிர்வாகம் 18. கூட்டுத்தொகை 241.5. மேலே மொத்தமாக வகுத்தபோது 250. ஒரே தரவு, எந்த மட்டத்தில் வகுக்கிறோம் என்பது மாறியதில் 8.5 லட்சம் வித்தியாசம், அது முழுவதும் பம்ப் ஹவுஸை வகுக்காமல் பட்ஜெட்டிலேயே விட்டதால் வந்தது. முடிந்த வேலையும் மீதி வேலையும் ஒரே மாதிரியான கலவையாக இருந்தால் இந்த வித்தியாசம் வராது. உங்கள் வேலையில் முடிந்த பகுதியில் பம்ப் ஹவுஸ் 0/80, மீதியில் 34/120. கலவை மாறிவிட்டது, அதனால்தான் எண்ணும் மாறுகிறது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இடைவெளி பெரிதாக இருந்தால் மொத்தக் குறியீட்டை நம்பக்கூடாது.

பம்ப் ஹவுஸுக்குச் செலவுக் குறியீடே கிடையாது. பலர் அந்த இடத்தில் திட்டத்தின் மொத்தக் குறியீட்டை எடுத்துப் போட்டு 34-ஐ 42.5 ஆக்குவார்கள். அப்படிப் போடுவது ஒரே ஒரு நிலையில் நியாயம். எஸ்டிமேட் போட்டவர் எல்லாப் பிரிவுக்கும் பழைய விலைப் பட்டியலையே பயன்படுத்தியிருந்தார், அதனால்தான் எல்லாமே ஏறுகிறது என்று தெரிந்தால் அந்தத் தவறு பம்ப் ஹவுஸிலும் இருக்கும். பாறை மாதிரி ஒரு இடத்தோடு ஒட்டிய காரணம் என்றால் பம்ப் ஹவுஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இப்போதைய விலையில் இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். 37 வந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

இணைப்பு வேலை வேறு மாதிரி. குழு ஒரு நாளைக்கு எத்தனை இணைப்பு போடும் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருந்ததோ அதில் ஐந்தில் நான்கு பங்குதான் தினமும் நடக்கிறது, மாதத்துக்கு மாதம் அதே அளவு. குழுவும் அதேதான், முறையும் அதேதான். இங்கே குறியீட்டால் வகுப்பதுதான் சரி, 18 / 0.8 = 22.5. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கும் வேலைக்கு இரண்டாவது ஃபார்முலா நன்றாகப் பொருந்தும்.

காலத்தோடு ஓடும் செலவு

தள நிர்வாகத்தைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் சம்பளம், கூடாரம், காவல், வாகனம் இவை வேலை எவ்வளவு நடந்தது என்பதைப் பொறுத்து ஆவதில்லை, நாள் ஓடினால் ஆகும். இவற்றுக்கு ஈட்டிய மதிப்பும் காலண்டரை வைத்தே போடப்படுகிறது. ஐந்து மாதம் ஓடியது, மாதம் 1.6 வீதம் 8 லட்சம் ஈட்டியதாகக் கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் வேலை நான்கு மாத அளவுக்குத்தான் நகர்ந்திருக்கிறது. அட்டவணைப்படி ஈட்டிய மதிப்பு 80-ஐத் தொடவேண்டியது நான்காம் மாதக் கடைசியில் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் திட்டக் கோட்டில் அந்தப் புள்ளி எங்கே வருகிறது என்று பாருங்கள்.

குறியீட்டால் வகுத்தால் மீதி 8 / 0.89 = 9 லட்சம்தான் வரும். இது ஐந்தே மாதத்துக்கான பணம். உண்மையில் இன்னும் ஆறு மாத அட்டவணை வேலை மீதி இருக்கிறது. ஐந்து மாதத்தில் நான்கு மாத வேலை என்ற இதே வேகத்தில் போனால் 6 / 0.8 = 7.5 மாதம் ஆகும். மாதம் 1.8 வீதம் (9 லட்சம் ஐந்து மாதத்துக்கு ஆனது) 13.5 லட்சம். பிரிவின் சொந்தக் காலக் குறியீட்டைப் பார்த்தாலும் இது தெரியாது, ஏனென்றால் அது எப்போதும் 1.00 என்றே காட்டும். தாமதத்தின் செலவு இப்படி ஒளிந்துகொண்டிருக்கும், திட்டத்தின் கடைசி இரண்டு மாதத்தில்தான் வெளியே வரும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம்.

```
பள்ளம்         38.0   சோதனைக் குழிகளின்படி 2 கி.மீ. பாறை
குழாய்         30.0   நிலையான விலை ஆர்டர்
இணைப்பு        22.5   18 / 0.80
பம்ப் ஹவுஸ்    37.0   கொட்டேஷன்
நிர்வாகம்      13.5   7.5 மாதம் x 1.8
ETC           141.0
EAC           100 + 141 = 241
```

பிரிவு வாரியாக வகுத்து வந்த 241.5-க்கும் இந்த 241-க்கும் அரை லட்சம்தான் வித்தியாசம். இதைப் பார்த்து, இவ்வளவு சிரமப்படாமல் வகுத்தே விட்டிருக்கலாமே என்று நினைக்கவேண்டாம். பள்ளத்தில் 8 குறைந்தது, பம்ப் ஹவுஸில் 3 கூடியது, நிர்வாகத்தில் 4.5 கூடியது. மூன்றும் ஒன்றை ஒன்று சமன்செய்துவிட்டன. பாறை அளவு கொஞ்சம் மாறியிருந்தால் இந்த ஒற்றுமை இருக்காது.

287.5 எப்போது நியாயம்

மூன்றாவது ஃபார்முலா இரண்டு குறியீட்டையும் பெருக்குகிறது. உங்கள் வேலையில் செலவு ஏறியதற்கும் தாமதத்துக்கும் ஒரே காரணம், பாறை. ஒரே காரணத்துக்கு 0.8 என்று இரண்டு முறை தண்டனை கொடுத்தால் 0.64 ஆகிறது. சாதாரண நிலையில் இது கூடுதல்தான்.

பத்தாம் மாதத்துக்குள் முடித்தே ஆகவேண்டும், தாமதத்துக்கு அபராதம் உண்டு என்ற நிலை வந்தால் கதை மாறும். இதுவரை மாதம் சராசரி 16 லட்சம் மதிப்பு வேலை நடந்தது. மீதி 120-ஐ ஐந்து மாதத்தில் முடிக்க மாதம் 24 வேண்டும், அதாவது ஒன்றரை மடங்கு. இரண்டாவது பிரேக்கர், இரவு ஷிப்ட், புதிய இணைப்புக் குழு என்று போகவேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் விலை கூடும், புதிய குழு முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும். அப்போது 287.5 ஒரு மேல்வரம்பாகப் பயன்படும். அதையும் அப்படியே போடாமல், கூடுதல் ஷிப்டுக்கு எவ்வளவு, இரண்டாவது எந்திரத்துக்கு எவ்வளவு என்று தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த ஃபார்முலாவுக்கு இன்னொரு குறையும் உண்டு. காலக் குறியீடு EV/PV என்பதால், திட்டம் எவ்வளவு தாமதமாக முடிந்தாலும் கடைசியில் அது 1.00-ஐ வந்து தொட்டுவிடும், ஏனென்றால் முடியும்போது ஈட்டிய மதிப்பும் திட்டமிட்ட மதிப்பும் இரண்டுமே 200. பத்தாம் மாதத்துக்குப் பிறகு திட்டமிட்ட மதிப்பு 200-இலேயே நின்றுவிடும். பன்னிரண்டாம் மாதத்தில் ஈட்டியது 180 என்றால் குறியீடு 0.90 என்று காட்டும், அடுத்த மாதம் 0.95 என்று காட்டும். தாமதம் கூடக்கூட அளவுகோல் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் விசித்திரம் இது. வேலையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இதைப் போட்டுக் கணிப்பதில் பயன் இல்லை. நிர்வாகச் செலவுக்கு மேலே செய்ததுபோல, எந்த மாத அளவுக்கு வேலை நகர்ந்தது என்று மாதக் கணக்கில் பார்ப்பது கடைசிவரை தவறாது.

குறியீட்டில் பிழை இருந்தால் எத்தனை மடங்காகும்

BAC/CPI-யை இப்படி எழுதிப் பாருங்கள்:

```
EAC = AC * (BAC / EV)
```

உங்கள் வேலையில் BAC / EV என்பது 200 / 80 = 2.5. அதாவது உண்மைச் செலவில் ஒரு லட்சம் பிழை இருந்தால் முடிவுச் செலவில் இரண்டரை லட்சம் பிழை. 6 லட்சம் குழாய் வந்து இறங்கி ஈட்டிய மதிப்பில் ஏறிவிட்டது, ஆனால் பில் இன்னும் கணக்குக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் செலவு 94 என்று காட்டும், குறியீடு 0.85, முடிவுச் செலவு 235. பில் ஏறியதும் 250. ஒரு மாதத்தில் 15 லட்சம் கூடிவிட்டதாக எல்லோரும் பதறுவார்கள், தளத்தில் எதுவும் மாறியிருக்காது. வேலை 10 சதவீதம்தான் ஆகியிருந்தால் இந்தப் பெருக்கம் பத்து மடங்கு. தொடக்கத்தில் குறியீட்டை வைத்துக் கணிப்பது ஆட்டம் காண்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சரிபார்க்கும் வழி சுலபம். கணக்கை முடிப்பதற்கு முன்னால், ஈட்டிய மதிப்பில் ஏற்றிய ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை ஒதுக்கீடாகச் சேர்க்கவேண்டும். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் எதிர்ப்பக்கம் பிழை வரும். பணம் போயிருக்கும், மதிப்பு ஈட்டியிருக்காது. அதை உண்மைச் செலவிலிருந்து தள்ளிவைக்கவேண்டும்.

ஈட்டிய மதிப்பின் பக்கம் வரும் பிழை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் பில் மாதிரி அதற்குச் சாட்சி கிடையாது. 10 கி.மீ. பள்ளம் தோண்டியாயிற்று, ஆனால் அதில் 6 கி.மீ. இன்னும் மூடவில்லை என்றால், மூடும் வேலைக்குரிய பங்கை ஈட்டியதாக எடுக்கக்கூடாது. அந்தப் பங்கு கிலோமீட்டருக்கு 1 லட்சம் என்றால் ஈட்டிய மதிப்பு 80 இல்லை, 74. குறியீடு 0.74, முடிவுச் செலவு 270. "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்று மேஸ்திரி வாயால் சொல்வதை வாங்காமல், தோண்டியது, இறக்கியது, இணைத்தது, சோதித்தது, மூடியது என்று படிக்கு ஒரு பங்கு வைத்து மீட்டர் அளந்து எடுங்கள்.

மொத்தக் குறியீடா, கடைசி சில மாதமா

பாறை முழுவதும் முதல் மூன்று மாதத்தில் வந்திருந்தால், கடைசி இரண்டு மாதத்தின் எண்கள் நன்றாக இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் ஈட்டியது 40, செலவு 44 என்றால் குறியீடு 0.91. மீதி 120-ஐ அதனால் வகுத்தால் 132, முடிவுச் செலவு 232. பாறை நிஜமாகவே தாண்டியாகிவிட்டது என்று குழிகள் சொன்னால் இது நல்ல கணிப்பு. காரணம் தெரியாமல், எண் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்தால் ஏமாற்றம்தான். இரண்டு மாதம் என்பது ஒரு பெரிய பில் தள்ளிப்போனாலே மாறக்கூடிய காலம். மூன்று மாதத்துக்குக் குறைவாக எடுக்காமல் இருப்பது நல்லது.

உங்கள் சீனியர் BAC/CPI-யில் உறுதியாக நிற்பதற்கும் அடிப்படை உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்களை வைத்து 1993-இல் கிறிஸ்டென்சன், ஹெய்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வேலை 20 சதவீதம் முடிந்தபிறகு மொத்தச் செலவுக் குறியீடு 10 சதவீதத்துக்கு மேல் மாறவில்லை என்று வந்தது. மாறியபோதும் பெரும்பாலும் கீழ்நோக்கியே போனது. அதனால் BAC/CPI தரும் எண்ணைக் குறைந்தபட்ச மதிப்பீடாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஆனால் அவை பல வருடம் ஓடும் பெரிய ஒப்பந்தங்கள். மற்ற துறைகளில் சிறிய திட்டங்களைப் பார்த்த பின்னாளைய ஆய்வுகளில் குறியீடு வெகுநேரம் கழித்தே நிலைபெற்றது. ஐந்து பிரிவும் பத்து மாதமும் உள்ள வேலையில், ஒரு பிரிவு முடிந்து இன்னொன்று தொடங்கினாலே குறியீடு நகர்ந்துவிடும். அதனால் 250-ஐவிடக் குறைவாகச் சொல்கிறோம் என்றால் ஏன் என்று பிரிவு வாரியாகக் காட்டும் பொறுப்பு நம்முடையது. காட்ட முடியவில்லை என்றால் 250-ஐயே போடுவதுதான் நேர்மை.

உங்கள் எண்ணை நீங்களே சோதிப்பது

கணித்த எண் நிஜமாக வேண்டுமானால் இனி எந்தத் திறனில் வேலை நடக்கவேண்டும் என்று பாருங்கள்.

```
TCPI = (BAC - EV) / (EAC - AC)

200-க்குள் முடிக்க :  120 / 100 = 1.20
220-க்கு           :  120 / 120 = 1.00
241-க்கு           :  120 / 141 = 0.85
250-க்கு           :  120 / 150 = 0.80
```

இதுவரை நடந்தது 0.80. 220 என்று சொல்வது, நாளையிலிருந்து 1.00-இல் வேலை நடக்கும் என்று சொல்வது. பட்ஜெட்டுக்குள்ளேயே முடிப்போம் என்பது 1.20-இல் நடக்கும் என்று சொல்வது, ஐந்து மாதத்தை 0.80-இல் ஓட்டியவர்கள் அப்படிச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளக்கூடாது. இதுவரை நடந்த குறியீட்டுக்கும் எட்டவேண்டிய குறியீட்டுக்கும் 0.10-க்கு மேல் இடைவெளி இருந்தால் கணிப்பை மறுபடி பார்க்கவேண்டும் என்பது பலர் வைத்திருக்கும் எல்லை. 241-க்கு இடைவெளி 0.05. அந்த ஐந்துக்கும் காரணம் சொல்ல முடியும்: மீதியில் பாறையின் பங்கு குறைவு, மீதி வேலையில் பாதிக்குமேல் குழாயும் பம்ப் ஹவுஸும், இரண்டும் விலை தெரிந்தவை.

ஆக அறிக்கையில் 241 என்று போடுங்கள், அதன் பக்கத்திலேயே அது எதன்மேல் நிற்கிறது என்றும் எழுதுங்கள். 500 மீட்டர் இடைவெளிக் குழிகளுக்கு நடுவில் பாறை தப்பிவிடலாம். ஒவ்வொரு கூடுதல் பாறைக் கிலோமீட்டருக்கும் 4 லட்சம் ஏறும், மீதியில் 4 கி.மீ. பாறை வந்தால் 249. 12.5 மாதத்துக்குமேல் இழுக்கும் ஒவ்வொரு மாதமும் 1.8 லட்சம். பத்து மாதத்தில் முடிக்கச் சொன்னால் இந்த எண் செல்லாது, விரைவுபடுத்தும் செலவோடு தனியாகக் கணக்கிடவேண்டும். தற்செயல் ஒதுக்கீடு ஏதாவது இருந்தால் அதை இந்த 241-க்குள் கரைக்காமல் தனி வரியில் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் எது எவ்வளவு நகர்ந்தது என்று தெரியாது.

அடுத்த மாதம் வந்ததும், அந்த ஒரு மாதத்தில் ஈட்டியதை அந்த மாதச் செலவால் வகுத்து 0.85 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். 16 ஈட்டி 20 செலவானால் 0.80. அப்போது உடனே ஃபார்முலாவை மாற்றவேண்டாம். முதலில் பில் தேதிகளைப் பாருங்கள், பிறகு பள்ளம் தோண்டிய தடத்தில் குழிகள் காட்டாத பாறை எத்தனை மீட்டர் வந்தது என்று கேளுங்கள். குழிகள் சொன்னதைவிட அதிகம் என்றால் மீதித் தடத்துக்கும் அந்த விகிதத்தில் பாறையைக் கூட்டி 38-ஐ மாற்றுங்கள். மற்ற நான்கு வரியும் அப்படியே இருக்கட்டும்.